இரவு வேலைக்காரர் இருக்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

சீனக்குடாவின் மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகக் காவல் என்று திருகோணமலையில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் பலர். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வேலை, வீடு உப்புவெளியில், பாடசாலை போகும் பிள்ளைகள் இருவர். அப்படியொரு வீட்டை வைத்தே இந்தக் குறிப்புகள். உங்கள் வேலை நேரம் வேறானால் மணிக்கணக்கை நகர்த்திக்கொள்ளுங்கள்.

1. நித்திரையை இரண்டாகப் பிரியுங்கள். பகலில் ஒரே மூச்சாக எட்டு மணிநேரம் கிடப்பது பலருக்கு முடியாது. நண்பகல் கடந்ததும் உடம்பு தானாக விழித்துவிடும். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு 7.45க்குப் படுத்தால் 1.15க்கு எழும்பலாம். பாடசாலை 1.30க்கு விடுவதால், இரண்டு மணிச் சாப்பாட்டுக்கு வீடே ஒன்றாக உட்காரும். பிள்ளைகள் டியூஷனுக்குப் போகும் 3.45 முதல் 5.15 வரை இரண்டாவது நித்திரை. மொத்தம் ஏழு மணிநேரம் கிடைக்கிறது. பின்னேரம் ஐந்தேகாலிலிருந்து வேலைக்குப் புறப்படும் ஒன்பது வரை முழுவதும் வீட்டாருக்கு. கிண்ணியாவில் இருப்பவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போக வேண்டுமானால் 11.15க்கே எழும்பி, மத்தியானத்துக்குப் பிறகு இரண்டரை மணிநேரம் படுத்து ஓரளவு ஈடுகட்டலாம்.

2. காலை வெயிலை முகத்தில் வாங்காதீர்கள். கண்ணில் படும் காலை வெளிச்சம், விடிந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லி நித்திரையைத் தள்ளிவிடும். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் உதவும். ஆனால் கண் சொருகும்போது மோட்டார் சைக்கிளில் கறுப்புக் கண்ணாடி ஆபத்து, அரைத் தூக்கம் இன்னும் கூடும். கடந்துவந்த சந்தி நினைவில் இல்லை, வண்டி வெள்ளைக்கோட்டை உரசுகிறது என்றால் உடனே ஓரங்கட்டுங்கள். அப்படிப்பட்ட நாட்களில் வேலைத்தலத்திலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.

3. படுக்கும் அறையைக் கச்சான் காற்றை நினைத்துத் தெரிவு செய்யுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை அந்த வறண்ட காற்று வீசும்போது, சீற் கூரையின் கீழ் பத்து மணிக்கே வெக்கை இறங்கிவிடும். கிழக்கு யன்னல் உள்ள அறை காலையிலேயே சுடும். மரநிழல் விழும் வடக்குப் பக்க அறை இருந்தால் அதை எடுங்கள். யன்னலுக்குக் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகப் போடுங்கள். படுக்குமுன் தலையில் தண்ணீர் வார்த்துக் குளித்தால் உடல் சூடு இறங்கி நித்திரை விரைவில் வரும். மின்விசிறியின் ஓசை, பாண்காரரின் ஓட்டோ இசையையும் மீன்காரரின் ஹோர்னையும் ஓரளவு மறைக்கும். அவர்கள் இருவரிடமும் அடுத்த வாசலில் நிற்கும்படி சொல்லிப்பாருங்கள், பெரும்பாலும் கேட்பார்கள். தொலைபேசி வேறு அறையில், வீட்டாரின் கையில் இருக்கட்டும்.

4. பெரிய சாப்பாடு இரண்டு மணிக்கு, நடுச்சாமத்தில் அல்ல. இரவில் உடம்புக்குச் சீனியைக் கையாளும் திறன் குறைவு. அதே சோறு பகலில் ஏற்றுவதைவிட சாமத்தில் இரத்தச் சீனியைக் கூடுதலாக ஏற்றும், நெஞ்செரிவும் வரும். ஆகவே மத்தியானம் சோறு, மீன், கீரை. இரவு எட்டு மணிக்குப் பிட்டோ இடியப்பமோ சொதியுடன். வேலையில் ஒரு மணியளவில் அவித்த கடலையும் ஒரு வாழைப்பழமும் போதும். கொத்துரொட்டிப் பார்சலைத் தவிருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு படுத்தால் பசி எழுப்பும். ஒரு கோப்பை சிவப்பரிசிக் கஞ்சி குடியுங்கள்.

தேத்தண்ணியை வேலையின் முதற்பாதியிலேயே முடித்துவிடுங்கள். அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணிநேரமளவு ஆகும். அதிகாலை நான்கு மணித் தேத்தண்ணி எட்டு மணிக்கும் உங்களை விழித்திருக்க வைக்கும். மூன்று முதல் ஐந்து மணி வரை கண் செருகுவது இயற்கை. அப்போது நல்ல வெளிச்சத்தில் நின்று நடந்து தண்ணீர் குடியுங்கள்.

5. லீவு நாளில் உடம்பை முழுதாகத் திருப்பிப் போடாதீர்கள். கடைசி இரவு வேலை முடிந்த காலையில் பதினொன்று வரை மட்டும் படுத்தால், அன்றிரவு வீட்டாரோடு சேர்ந்து நித்திரை வரும். மறுபடி வேலைக்குப் போகும் நாளில் மத்தியானம் ஒன்றரை மணிநேரமாவது படுத்துவிட்டுப் போங்கள்.

6. நித்திரைக்காக நீங்களாகவே பிரிட்டோன் குளிசை போடாதீர்கள். அதன் மயக்கம் வேலை நேரத்துக்கும் தொடரலாம். இரண்டு மூன்று கிழமை இப்படி நடந்தும் நித்திரை பிடிபடாவிட்டால், அல்லது குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதை வீட்டார் கண்டால், வைத்தியரிடம் போங்கள். இன்சுலினோ சீனிக் குளிசையோ எடுப்பவர், இரவு வேலை தொடங்குவதற்கு முன்பே கிளினிக்கில் வேலை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் எழுதிக் கொடுத்து, மருந்தின் நேரத்தை மாற்றித் தரும்படி கேளுங்கள். மருந்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.