கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் இளகிவிட்டால்

கேரட் கேக்குக்குக் கலக்கிய கிரீம் சீஸ் ஃப்ராஸ்டிங் தோசை மாவுபோல இளகி நின்றால், பெரும்பாலோர் ஐசிங் சுகரை அள்ளிக் கொட்டுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். சர்க்கரை சீஸிலுள்ள நீரை இழுத்துப் பாகாகும். தித்திப்பு கூடுமே தவிர, இளக்கம் தீராது.

முதலில் இளகியதன் காரணத்தைப் பாருங்கள். கலவை வழுவழுப்பாக, பளபளப்பாக இருந்து, கரண்டியால் போட்ட கோடு மெல்ல மூடிக்கொண்டால் வெண்ணெய் சூடேறியிருக்கிறது என்று பொருள். சென்னை வெயிலில் இதுதான் அடிக்கடி நடக்கும். பாத்திரத்தை மூடி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பீட்டர் வேண்டாம், ஸ்பேச்சுலாவால் மெதுவாகப் புரட்டுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் ஓரங்களில் வெண்ணெய் கட்டிதட்டிவிடும்.

ஓரத்தில் நீர் கசிந்து, கலவை திப்பிதிப்பியாகத் தெரிந்தால் கதை வேறு. கிரீம் சீஸில் பாதிக்கு மேல் நீர்தான். பால் புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதிகம் அடித்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். குளிர வைத்தால் மட்டும் இது முழுதாகச் சேராது.

பக்கத்து வீட்டுத் தங்கை ஒருமுறை இப்படியான கிண்ணத்தோடு வந்தாள். 200 கிராம் சீஸ், 100 கிராம் வெண்ணெய், 200 கிராம் ஐசிங் சுகர் சேர்த்து மொத்தமாக அடித்திருந்தாள். கிண்ணத்தைக் குளிர வைத்துவிட்டு, இன்னொரு பாத்திரத்தில் 50 கிராம் உப்பில்லா வெண்ணெயை வெளுக்கும்வரை தனியாக அடித்தோம். விரலால் அழுத்தினால் குழியும், ஆனால் உருகாத பதம் அது. குளிர்ந்த கலவையை அதில் ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து, சேர்ந்ததும் அடிப்பதை நிறுத்தினோம். மீண்டும் குளிர வைத்ததும் கேக்கின் மேல் வழியாமல் நின்றது. தித்திப்பு ஏறவில்லை, சீஸின் புளிப்பு மட்டும் கொஞ்சம் மட்டுப்பட்டது. கார்ன்ஃபிளவரைப் பச்சையாகச் சேர்த்தால் மாவு வாடை வந்துவிடும், அதனால் நான் அதைத் தொடுவதில்லை.

அடுத்த முறை இந்தச் சிக்கலே வராமலிருக்க, வரிசையை மாற்றுங்கள். வெண்ணெயையும் ஐசிங் சுகரையும் முதலில் நன்றாக அடித்து, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சீஸைக் கடைசியில் சேர்த்து, கலந்ததும் நிறுத்துங்கள். ரொட்டியில் தடவும் டப்பா சீஸ் இளக்கமானது. கட்டியாக வருவதே நல்லது. டப்பாதான் கிடைத்தது என்றால், சுத்தமான பருத்தித் துணியில் பொதிந்து கால் மணி நேரம் அழுத்தி நீரை எடுத்துவிடுங்கள். கேக்கும் முழுதாக ஆறியிருக்க வேண்டும்.

எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் இது பட்டர்கிரீம் அளவுக்கு இறுகாது. நுணுக்கமான பூ வேலைக்கு இதை நம்ப வேண்டாம். தடவிய கேக்கை ஃப்ரிட்ஜிலேயே வைத்து, பரிமாறச் சற்று முன்பு எடுங்கள். கோடை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை வெளியே வைக்கக் கூடாது.