நிறம் போனால் போதுமா?

சுங்கைப்பட்டாணி வீட்டில் உட்கார்ந்து வெப்பக் கடத்தல் சோதனைக்கு அறிக்கை எழுதினேன். ஒரு பத்தியை டர்னிட்டின் நிறம் போட்டுக் காட்டியது. இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்ததுதான். சொற்களை மட்டும் மாத்தினேன், நிறம் போச்சு. ஆனால் கருத்து அவருடையது, பெயர்தான் இல்லை.

இப்படி மாத்தினால் பொருளும் கெடும். 2021இல் பிரெஞ்சு ஆய்வாளர் கியோம் கபானக் குழுவினர், 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகிவிட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் காட்டினார்கள். செயற்கை அறிவு, போலி உணர்வாகிவிட்டது!

பிறகு அந்தக் கட்டுரையை மூடிவைத்தேன். என் அளவீடுகளைப் பார்த்து, புரிந்ததை எழுதினேன். அவர் கருத்துக்கு அவர் பெயரைப் போட்டேன். அவருடைய ஒரு வரியை மேற்கோளாகவே வைத்தேன். அது இன்னும் நிறம் காட்டுது. காட்டட்டும், மறைக்க ஒன்றுமில்லை.