கரையில் ஓடும் வெளிச்சம்: வேகத்தைக் கணக்கிடும் முறை

கடலில் நிற்கும் கலங்கரை விளக்கம் சீரான வேகத்தில் சுழன்றாலும், நேரான கரையில் விழும் அதன் வெளிச்சப் பொட்டு சீராக ஓடுவதில்லை. விளக்குக்கு நேர் எதிரே மெதுவாகவும், விலக விலக வேகமாகவும் ஓடும். இந்த வேகத்தைக் கேட்டால் பலர் வட்ட இயக்கச் சூத்திரத்தை எடுத்து, விளக்கிலிருந்து பொட்டு வரையுள்ள தூரத்தைக் கோண வேகத்தால் பெருக்கி முடித்துவிடுவார்கள். அந்த விடை குறைவாகவே வரும். பொட்டின் வேகம் கூடுவதற்குக் காரணங்கள் இரண்டு. அந்தச் சூத்திரத்தில் ஒன்றுதான் அடங்கியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். கரையிலிருந்து 2 கி.மீ. தொலைவில் விளக்கு இருக்கிறது. 20 வினாடிக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. நேர் எதிர்ப்புள்ளியிலிருந்து 1.5 கி.மீ. தள்ளிப் பொட்டு விலகி ஓடும்போது அதன் வேகம் என்ன? முதல் படி, படம் வரைவது. விளக்கு L, அதிலிருந்து கரைக்கு இறக்கிய செங்குத்தின் அடி P, பொட்டு S. PS என்ற தூரத்தை x என்றும், LP-க்கும் ஒளிக்கற்றைக்கும் இடைப்பட்ட கோணத்தை θ என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது படி, மாறுவதையும் மாறாததையும் பிரிப்பது. LP எப்போதும் 2 கி.மீ. என்பதால் அதை இப்போதே எழுதலாம். x மாறிக்கொண்டே இருக்கிறது, 1.5 என்பது ஒரு கணத்துக்கான மதிப்பு மட்டுமே. அதை முன்கூட்டியே பிரதியிட்டால் x மாறிலியாகிவிடும், வகைக்கெழு பூச்சியமாகும். எனவே 1.5-ஐ வகையிட்ட பிறகே உள்ளே விட வேண்டும்.

மூன்றாவது படி, x-ஐயும் θ-வையும் இணைக்கும் சமன்பாட்டை எழுதி, இருபுறமும் நேரத்தைப் பொறுத்து வகையிடுவது.

```
x = 2 tan θ
dx/dt = 2 sec²θ · dθ/dt
```

நான்காவது படி பிரதியிடல். பிதாகரஸ் தேற்றப்படி LS = 2.5 கி.மீ.; ஆகவே sec θ = 2.5/2 = 1.25, அதன் வர்க்கம் 1.5625. சுழற்சி வேகம் 2π/20, அதாவது வினாடிக்கு சுமார் 0.314 ரேடியன். மூன்றையும் பெருக்கினால் விடை வினாடிக்கு சுமார் 0.982 கி.மீ. கோணத்தை ரேடியனில் எழுதுவது கட்டாயம், ஏனென்றால் tan θ-வின் வகைக்கெழு sec²θ என்பது ரேடியனில்தான் உண்மை. வினாடிக்கு 18 டிகிரி என்று போட்டால் விடை 57 மடங்கு பெருத்து 56 கி.மீ. ஆகிவிடும்.

வட்ட இயக்கச் சூத்திரம் தருவது 2.5 × 0.314, அதாவது வினாடிக்கு 0.785 கி.மீ. இரண்டில் எது சரி என்பதை வகையிடாமலே சோதிக்கலாம். 0.01 வினாடி கழித்து கோணம் 0.00314 ரேடியன் கூடியிருக்கும். புதிய கோணத்துக்கு 2 tan θ-வைக் கணக்கிட்டால் x 1.50984 கி.மீ. ஆகும், பொட்டு 9.84 மீட்டர் நகர்ந்திருக்கிறது. நம் விடைப்படி அது 9.82 மீட்டர், வட்டச் சூத்திரப்படி 7.85 மீட்டர். தவறு எங்கே என்பது தெளிவு. LS நீள்வதால் கற்றையின் முனை பக்கவாட்டில் வேகம் பெறுகிறது. அது ஒரு sec θ. கரை அந்தக் கற்றையைச் சாய்வாக வெட்டுவதால், சிறிய பக்கவாட்டு நகர்வுகூடக் கரையில் நீண்ட ஓட்டமாகிறது. அது இன்னொரு sec θ. வட்டச் சூத்திரத்தில் இந்த இரண்டாவது இல்லை.

கோணத்தைக் கரையிலிருந்து அளந்தால் என்ன என்று கேட்கலாம். அளக்கலாம், ஆனால் அப்போது tan-க்குப் பதில் cot வரும், கோணம் குறைந்துகொண்டே போவதால் குறியும் மாறும். பிளஸ் டூ மாணவர்கள் போடும் ஒரு கணக்கில் கப்பல் கரைக்கு 5 கி.மீ. தள்ளி நிற்கிறது, அதிலுள்ள விளக்கு 10 வினாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது, கற்றை கரையோடு 45 டிகிரி அமைக்கிறது. விடை வினாடிக்கு 2π கி.மீ. இங்கே இரு கோணங்களும் 45 என்பதால், கோணத்தை மாற்றிக் குறித்தவருக்கும் சரியான விடையே கிடைத்துவிடும். அதே கணக்கை 30 டிகிரிக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரிந்ததா என்று தெரியும்.

θ 90 டிகிரியை நெருங்கும்போது வேகம் எல்லையில்லாமல் வளர்கிறதே, ஒளியின் வேகத்தையும் மிஞ்சுமா என்பது நியாயமான மறுப்பு. பொட்டு ஒரு பொருள் அல்ல. ஒவ்வொரு கணமும் வேறு வேறு ஒளி வந்து விழும் இடம் அது. மேலும், ஒளி கரையை உடனே அடைந்துவிடுகிறது என்று வைத்துத்தான் இந்தச் சமன்பாட்டை எழுதினோம். நம் எடுத்துக்காட்டில் சூத்திரம் ஒளிவேகத்தைத் தொட, x சுமார் 1,400 கி.மீ. ஆக வேண்டும். அதற்கு வெகு முன்பே பூமியின் வளைவு கற்றையை மறைத்துவிடும், நேரான கரை என்ற அனுமானமும் உடைந்துவிடும். சில கிலோமீட்டருக்குள் இந்த முறையை நம்பிப் பயன்படுத்தலாம். விடை வந்ததும் அதை LP × கோண வேகத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.