மாமன் சீரில் ஒரு நூலக அட்டை

மதுரைப் பக்கம் காதுகுத்து என்றால் தாய்மாமன் தட்டு தூக்கி வரவேண்டும். என் தங்கை மகள் மே மாத விடுமுறையில் முதல்முறையாக நூலகத்துக்குப் போகப்போகிறாள் என்று மேலூரிலிருந்து போன் வந்தபோது, இதற்கும் ஒரு சீர் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அவளுக்கு ஆறு வயது.

என்ன வாங்குவது என்பதில் ஏற்கெனவே ஒருமுறை தவறியிருக்கிறேன். அவள் அண்ணன் முதன்முதலாக நூலகம் போனபோது, தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். பையன் மகிழ்ந்தான், வீட்டிலேயே உட்கார்ந்து படித்தான். ஆனால் நூலகத்துக்கு இரண்டாம் முறை போகவே இல்லை. சொந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை, அதனால் நூலகப் படியேற அவனுக்குக் காரணமும் இல்லாமல் போயிற்று. இம்முறை இரவல் புத்தகம் வீட்டுக்கு வந்து, பத்திரமாக இருந்து, நாள் தவறாமல் திரும்பிப் போக உதவும் மூன்று பொருள்களை மட்டும் கொடுத்தேன். அவை அட்டை, பை, மூலை. இதே வரிசையில் செய்வது நல்லது. அட்டையின் அளவு தெரிந்தால்தான் பையில் அதற்கு உறை தைக்க முடியும்.

முதல் சீர்: அட்டை

1. குழந்தையை அழைத்துப் போவதற்கு ஒரு வாரம் முன்பு நீங்கள் மட்டும் போய்வாருங்கள். வீட்டிலிருந்து குழந்தை நடந்து போகக்கூடிய கிளை நூலகம்தான் முதல் நூலகமாக இருக்கவேண்டும். சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகமோ, 2023 ஜூலை 15 அன்று புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமோ பெரியவைதான். ஆனால் மேலூரிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போவது நடக்காது. பெரிய நூலகத்தின் குழந்தைகள் பகுதியை இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளலாம்.

2. நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: திறக்கும் நேரம், வார விடுமுறை, சிறுவர் உறுப்பினருக்கு வேண்டிய ஆவணங்கள், அட்டை அன்றே கிடைக்குமா என்பது. பல பொது நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளி நினைப்பில் சனி, ஞாயிறைத்தான் விடுமுறை என்று எண்ணி வெள்ளியன்று போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், முதல் நாளே குழந்தையின் முகம் வாடிவிடும்.

3. உறுப்பினர் படிவத்தை வாங்கி வந்து வீட்டில் நிரப்புங்கள். முகவரியும் கையெழுத்தும் பெற்றோர் பொறுப்பு. பெயரை மட்டும் குழந்தை எழுதட்டும். முதலில் ஒரு பழைய தாளில் எழுதிப் பழக்குங்கள். எங்கள் வீட்டுச் சிறுமி பெயரைக் கட்டத்துக்கு வெளியே கொண்டுபோனாள். அதனால் படிவம் இரண்டாக வாங்கி வைத்தது நல்லதாயிற்று.

4. நூலகர் காட்டும் அட்டையின் நீள அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் அது ஏடிஎம் அட்டை அளவில் இருக்கும், சில இடங்களில் மடக்கும் சிறு புத்தகமாக இருக்கும்.

உறுப்பினர் கட்டணமும் காப்புத்தொகையும் சீரின் செலவாக உங்கள் கையிலிருந்து போகட்டும். தங்கை கணவர், “இதுக்கெல்லாம் எதுக்கு மச்சான் காசு?” என்று தயங்கினார். அவர் ஏற்கெனவே ஒரு பங்கு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்று வீட்டுவரி ரசீதை எடுத்துக் காட்டினேன். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. வரியில் ரூபாய்க்கு பத்து பைசா என்ற கணக்கு அது. மகளுக்கு அட்டை வாங்குவது அந்தப் பணத்தின் பலனை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான்.

இரண்டாம் சீர்: பை

வீட்டில் மஞ்சப்பை இருக்கிறதே என்று முதலில் அதைத்தான் நினைத்தேன். அவள் கையில் கொடுத்துப் பார்த்தபோது பையின் அடி தரையைத் தொட்டது. பெரியவர் கைக்கு அளவான பை, மூன்றேமுக்கால் அடி உயரக் குழந்தைக்கு இழுபடும். நாலு தெரு போவதற்குள் அடித்துணியும் புத்தகத்தின் முனையும் தேய்ந்துவிடும். குழந்தையின் பை தோளில் தொங்கி, முழங்காலுக்கு மேலேயே நிற்கவேண்டும்.

தையற்காரரிடம் சொல்லவேண்டிய அளவு இது:

1. கெட்டியான காடாத் துணி, 15 அங்குல அகலம், 32 அங்குல நீளம். வெட்டுமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். காடா முதல் சலவையில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் பெரிய படப் புத்தகம் உள்ளே போகாது.

2. நீளத்தின் இரு முனைகளையும் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்து, துணியை நடுவில் மடக்கி, இரு பக்கமும் அரை அங்குலம் விட்டு மூட்டுங்கள். அடி மூலை இரண்டையும் முக்கோணமாக மடித்து, குறுக்கே 2 அங்குல நீளத்துக்கு ஒரு தையல் போட்டால் பைக்கு அடிப்பாகம் கிடைக்கும். முடிவில் பை 12 அங்குல அகலம், பதின்மூன்றரை அங்குல உயரம், 2 அங்குலக் கனம் இருக்கும். ஏ4 அளவுப் படப் புத்தகம் கசங்காமல் நிற்கும், மெல்லிய புத்தகங்கள் நாலைந்து பிடிக்கும்.

3. ஒரு அங்குல நாடா, 24 அங்குல நீளத்தில் இரண்டு. ஒவ்வொரு முனையிலும் 2 அங்குலம் பையோடு சேரவேண்டும். அந்த இடத்தில் கட்டம் போட்டு, நடுவே பெருக்கல் குறி போலத் தைக்கச் சொல்லுங்கள். ஒற்றைத் தையலாக இருந்தால் முதலில் பிய்வது அங்கேதான்.

4. உட்பக்கத்தில் அட்டைக்கு ஒரு உறை, பிரஸ் பட்டனோடு. ஏடிஎம் அளவு அட்டைக்கு 5 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் போதும். சின்னக் கை உள்ளே போய்வர அந்த இடைவெளி வேண்டும்.

உறையை அவளுடைய அம்மாச்சியின் பழைய சுங்குடிச் சேலையில் தைத்தோம். புதுச் சுங்குடியில் தைப்பதாக இருந்தால் முதலில் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் மழைநாளில் நூலகப் புத்தகத்திலும் ஏறும். பலமுறை துவைத்த பழைய சேலையில் அந்தப் பயம் குறைவு. தண்ணீர்ப் பாட்டில் இந்தப் பைக்குள் போகக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். நனைந்த தாள் உலர்ந்தாலும் அலையலையாகவே நிற்கும்.

மூன்றாம் சீர்: படிக்கும் மூலை

இதற்கு ஒரு கோரைப்பாய் விரிக்கும் இடம் போதும். சுவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். குளியலறையை ஒட்டிய சுவரும், மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரும் ஐப்பசியில் ஓதம் ஏறும். சந்தேகமிருந்தால் ஒரு சாண் அளவு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒருநாள் விட்டுப் பிரியுங்கள். சுவரைத் தொட்ட பக்கத்தில் நீர் முத்துகள் இருந்தால் அந்தச் சுவர் வேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். முதுகுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் குழந்தையின் நிழலே பக்கத்தை மறைக்கும்.

புத்தகங்களை முதுகு தெரிய அடுக்கினால் ஆறு வயதுக்காரிக்கு எது எதுவென்று தெரியாது. அட்டைப்படம் முன்னால் தெரியவேண்டும். தச்சரிடம் 3 அங்குல அகலத்தில், 3 அடி நீளத்தில் ஒரு பலகை வாங்கி, முன் ஓரத்தில் ஒரு அங்குலச் சட்டம் அடித்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பொருத்தினோம். பாயில் உட்கார்ந்தபடி கை எட்டுகிறது. நூலில் கிளிப் போட்டுத் தொங்கவிடும் யோசனை பார்க்க அழகு, ஆனால் கெட்டி அட்டைப் புத்தகம் நழுவி விழும், தாளிலும் பல் தடம் பதியும்.

பலகை சொந்தப் புத்தகங்களுக்கு. இரவல் புத்தகத்துக்குத் தனியாக ஒரு பனையோலைப் பெட்டி வைத்தேன். பள்ளிப் புத்தகத்தோடு கலந்துபோவதால்தான் இரவல் புத்தகம் பெரும்பாலும் காணாமல் போகிறது. படித்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் இரவில் அது ஓலைப்பெட்டிக்குத்தான் திரும்பவேண்டும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மணைமேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். வாரம் ஒருமுறை பின்னால் பாருங்கள். சுவரில் மண்கோடு தெரிந்தால் கரையான் வந்துவிட்டது என்று பொருள், உடனே புத்தகங்களை இடம் மாற்றுங்கள். பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ துணியில் முடிந்து, குழந்தைக்கு எட்டாத மேல் ஆணியில் மாட்டலாம். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று குழந்தை வாயில் போட்டுவிட்டால் ஆபத்து.

போகும் நாள்

வெயில் ஏறுமுன் காலையில் போங்கள். முக்கால் மணி நேரம் போதும். புத்தகத்தைப் பெரியவர் எடுத்துக் கொடுக்காதீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், வாசகர் தாமே அலமாரியில் கைவைத்துத் தேடும் திறந்த முறைக்காக வாதாடியவர். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டவரும் அவரே. தங்கை மகள் முதலில் எடுத்தது பெரிய பெரிய மீன் படம் போட்ட, எழுத்தே அதிகமில்லாத புத்தகம். “இது சின்னப் பிள்ளைங்களுக்குடி” என்று தங்கை தடுக்கப் பார்த்தாள். நான் கையமர்த்தினேன். அதையும், அவளுக்கு வாசித்துக் காட்ட அம்மா தேர்ந்த ஒரு கதையையும் சேர்த்து இரண்டு எடுத்தோம்.

அட்டை அன்றே கிடைக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள். பை அடுத்த முறைக்குக் காத்திருக்கட்டும். வெறும் பையோடு திரும்பவைக்காதீர்கள்.

புத்தகத்தில் ஒட்டிய சீட்டில் நூலகர் தேதி முத்திரை குத்துவார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தேதியைத் தினசரி காலண்டரில் தேடி, அந்தத் தாளின் முனையைக் குழந்தையின் கையாலேயே மடிக்கச் சொல்லுங்கள். தினம் ஒரு தாள் கிழிக்கும் வேலையையும் அவளிடமே விட்டுவிடுங்கள்.

தங்கை வீட்டில் மடித்த தாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலையில் போன் வந்தது. “மாமா, தாள் கிட்ட வந்துருச்சு. மீன் புத்தகத்தைப் பையில வச்சுட்டேன். அண்ணனும் வர்றேங்கிறான், அவனுக்கும் அட்டை வேணுமாம்.”