அரபியில் வருதலும் காண்டலும் தருதலும்

தமிழில் 'வா' என்பது 'வந்தேன்' எனக் குறுகுகின்றது. 'காண்' என்பது 'கண்டேன்' ஆகின்றது. 'தா' என்பது 'தந்தேன்' ஆகின்றது. இம்மூன்று பொருளுக்குரிய அரபி வினைகளும் இவ்வாறே திரிகின்றன. அத்திரிபின் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

அரபி வினைக்கு மூன்று மெய்களே பெரும்பாலும் வேராகும். அவற்றுள் வாவும் யாவும் நலிந்த எழுத்துக்கள். அவை நெடிலாக மாறும், அன்றி மறையும். ஹம்ஸா என்பது மிடற்றை நொடிப்பொழுது அடைத்துத் திறக்கும் ஒலி. அதனை இங்கே ' என்னும் குறியால் காட்டுவோம்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரக் கரைக்குப் போந்த ஒருவன், "வந்தேன், கடலைக் கண்டேன்" என அரபியில் கூறவேண்டின், "ஜி'து வ ர'அய்துல் பஹ்ர" என்பான். 'வந்தான்' என்பது ஜா'அ. அதன் வேர் ஜீம், யா, ஹம்ஸா. 'வந்தேன்' என்பதில் ஹம்ஸா உயிரின்றி நிற்கின்றது. உயிரற்ற மெய்க்கு முன் நெடில் நில்லாது ஆகலின், ஆகாரம் குறுகி, மறைந்த யாவை நினைவூட்டும் இகரமாயிற்று. 'வருகிறான்' என்புழி யஜீ'உ என நெடில் மீளும்.

'கண்டான்' என்பது ர'ஆ. 'காண்கிறான்' என்பது யர்'ஆ என வரவேண்டும். ஆயின் ஹம்ஸா கெட்டு யரா என்றே வழங்கும். இது பொது விதி அன்று. 'விலகினான்' எனப் பொருள்படும் ந'ஆ என்னும் வினை அதே அமைப்பினதாயினும், யன்'ஆ என ஹம்ஸாவை விடாது. அடிக்கடி வழங்குதலால் தேய்ந்தது காண்டல் வினையே. யராவில் ஹம்ஸாவைக் காணாத மாணவர் அகராதியில் வேர் தேடி இடர்ப்படுவர். ரா, ஹம்ஸா, யா என்ற வரிசையிலேயே அதனைத் தேடவேண்டும்.

இனி அவனே "வரவில்லை, கடலைக் காணவில்லை" எனின், "லம் அஜி' வ லம் அரல் பஹ்ர" என்பான். 'லம்' முன்வரின் அஜீ'உ ஈற்றுயிர் இழந்து அஜி' என்றும், அரா நெடில் இழந்து அர என்றும் ஆகும். காண்டலின் வேரில் எஞ்சியது ஒரு ரகரமே.

தருதலுக்கு ஆதா என்னும் வினையும் உண்டு. (தகரத்தை வல்லோசையுடன் ஒலிக்க.) அதன் வேர் ஹம்ஸா, தா, யா. அவ்வேரின் முதல் வடிவமாகிய அதா 'வந்தான்' எனப் பொருள்படும். 'வரச்செய்தான்' என்னும் நான்காம் வடிவமே 'தந்தான்' ஆயிற்று. இரண்டு ஹம்ஸாக்கள் அடுத்து வந்தமையால் பின்னது கெட்டு முதலுயிர் நீண்டது. 'வருகிறான்' யஃதீ அன்று, ய'தீ, 'தருகிறான்' யு'தீ. எழுத்தில் முன்னதன் ஹம்ஸா அலிபின் மேலும், பின்னதன் ஹம்ஸா வாவின் மேலும் அமர்ந்திருக்கும். உயிர்க்குறியில்லா ஏட்டில் வந்தவனையும் தந்தவனையும் பிரித்தறிய அவ்விருக்கையை நோக்குதலே வழி.