‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?’ என்று மெஷின் கேட்டால்

நம்பிக்கை: வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினால், கையை விட்டு எவ்வளவு போகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அதனால் அதுதான் லாபம்.

உண்மை: தொகை அங்கேயே தெரிந்துவிடும் என்பது சரிதான். லாபம் என்பதுதான் தவறு.

சிங்கப்பூரில் 400 டாலருக்கு ஒரு கேமரா வாங்குகிறீர்கள். கணக்குக்காக அன்றைய விகிதம் ஒரு டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் கிரெடிட் கார்டைச் செருகியதும் மெஷினின் திரையில் SGD 400, INR 27,560 என்று இரண்டு தொகைகள் வரும். நமக்குப் பழகிய ரூபாயை விரல் தானாகவே தொட்டுவிடும்.

டாலரைத் தொட்டிருந்தால் என்ன ஆகும்? விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனத்தின் விகிதப்படி 26,000 ரூபாய். அதன்மேல் நம் வங்கி ‘மார்க்அப்’ போடும். இந்தியக் கார்டுகள் பலவற்றில் இது 2 முதல் 3.5 சதவீதம் வரை. 3.5 என்றே கொண்டால் 910 ரூபாய். அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 164 ரூபாய். மொத்தம் 27,074.

ரூபாயைத் தொட்டால், டாலரை ரூபாயாக மாற்றுவது கடையின் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது போட்ட விகிதம் 68.90, அதாவது 6 சதவீதம் கூடுதல். இதில் ஒரு பங்கு கடைக்காரருக்கும் போவது வழக்கம். “சார், ரூபாயிலேயே போட்டுடவா?” என்று அவர் அக்கறையாகக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதை அதோடு முடிவதில்லை. வெளிநாட்டில் ரூபாயில் கட்டியதற்காக இந்திய வங்கிகள் பல தனியாக 1 சதவீதம் வாங்குகின்றன. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் இன்னொரு 325 ரூபாய். மொத்தம் 27,885. ஒரு பொத்தானால் 811 ரூபாய் நஷ்டம்.

கேட்காமலேயே கடைக்காரர் ரூபாயை அழுத்திவிடுவதும் உண்டு. பில்லில் INR என்று இருந்தால் அங்கேயே நின்று, அதை ரத்து செய்துவிட்டு உள்ளூர் நாணயத்தில் போடச் சொல்லுங்கள். நாணயத்தைத் தேர்ந்தெடுப்பது கார்டு வைத்திருப்பவரின் உரிமை. கார்டு நிறுவனங்களின் விதியே அப்படித்தான். ‘நானே விரும்பித் தேர்ந்தெடுத்தேன்’ என்ற பொருளில் பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்கு வந்து வங்கியிடம் சண்டை போட்டால் எடுபடாது.

நம்பிக்கை: என்னிடம் இருப்பது ‘ஜீரோ மார்க்அப்’ கார்டு. எனக்கு இந்தக் கவலை கிடையாது.

உண்மை: உங்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். சலுகை தருவது உங்கள் வங்கி. மேலே சொன்ன 6 சதவீதத்தை எடுப்பதோ கடைப்பக்கத்து நிறுவனம். தொகை வங்கிக்கு வருவதற்குள் மாற்றம் முடிந்துவிடுகிறது. டாலரில் கட்டியிருந்தால் 26,000 ரூபாயோடு முடிந்திருக்க வேண்டியது, ரூபாயில் 27,560 ஆகிவிடும்.

நம்பிக்கை: இணையதளத்தில் விலையே ரூபாயில்தான் போட்டிருக்கிறது. அப்படியானால் அது உள்நாட்டுப் பரிவர்த்தனை.

உண்மை: விற்பவர் எந்த நாட்டில் பதிவானவர் என்பதுதான் கணக்கு. வெளிநாட்டில் பதிவானவர் என்றால், ரூபாய் விலைக்கும் அந்த 1 சதவீதம் விழலாம்.

நம்பிக்கை: கூகுளில் பார்த்த விகிதத்தைவிட அதிகமாகப் பிடித்திருக்கிறார்கள். வங்கி ஏமாற்றிவிட்டது.

உண்மை: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கூகுள் காட்டுவது சந்தையின் நடுவிகிதம்; கார்டுக்குப் பொருந்துவது கார்டு நிறுவனத்தின் விகிதம். அதுவும் நீங்கள் வாங்கிய நாளின் விகிதமாக இல்லாமல், ஓரிரு நாள் கழித்துக் கணக்கு தீரும் நாளின் விகிதமாக இருக்கக்கூடும்.

சரிபார்க்க ஒரு வகுத்தல் போதும். ஸ்டேட்மென்டில் மார்க்அப்பும் ஜிஎஸ்டியும் தனி வரிகளில் வந்திருந்தால் அவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். மொத்த ரூபாயை டாலர் தொகையால் வகுங்கள். நம் கணக்கில் 27,074-ஐ 400-ஆல் வகுத்தால் 67.68. விசாவும் மாஸ்டர்கார்டும் தங்கள் விகிதத்தைத் தேதிவாரியாகத் தங்கள் தளத்திலேயே போடுகின்றன. வங்கிக் கட்டணம் கேட்கும் பெட்டியில் 0 போட்டுப் பாருங்கள். 65 என்று வந்தால் வித்தியாசம் 4.13 சதவீதம். 3.5 சதவீத மார்க்அப்பும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்தது அவ்வளவுதான். வங்கி சரியாகவே பிடித்திருக்கிறது. 7 சதவீதத்தைத் தாண்டினால், ஸ்டேட்மென்டில் அந்த வரியில் டாலர் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். ரூபாய் மட்டும் இருந்தால் மாற்றம் கடையிலேயே நடந்துவிட்டது என்று அர்த்தம்.

கேமராவைத் திருப்பிக் கொடுத்தாலும் கட்டிய ரூபாய் அப்படியே வராது. 400 டாலர் திரும்பி வரும் நாளின் விகிதத்தில்தான் ரூபாயாகும். மார்க்அப்பைப் பல வங்கிகள் திருப்பித் தருவதில்லை.