தீட்டுவது வேறு, சாணை பிடிப்பது வேறு

மளிகைக் கடையை ஒட்டியே நாலு கூடை காய்கறியும் வைத்து வியாபாரம் செய்வது நமது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளில் நெடுநாள் வழக்கம். அப்படிப்பட்ட கடைகளில் தராசுக்கு அடுத்தபடியாக ஓயாமல் உழைக்கும் பொருள் கத்திதான். முழுப் பூசணியை வாங்கிச் செல்வோர் குறைவு. கால் கிலோ, அரைக் கிலோ என்று கீற்றுப் போட்டுத்தான் கேட்கிறார்கள். சேனைக்கிழங்கும் முட்டைக்கோசும் அப்படித்தான். ஆனால், தராசை முத்திரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் நாம், கத்தியை மட்டும் அது அறவே வெட்டாத நாள் வரும்வரை திரும்பிப் பார்ப்பதில்லை.

இதை எழுதத் தூண்டியது ஒரு சம்பவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு முந்தைய நாள். நமக்குப் பழக்கமான ஓர் அண்ணாச்சி கடையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. கடை ஊழியர் ஒரு பெரிய மஞ்சள் பூசணியைப் பிளக்க முற்பட்டார். கத்தி தோலில் பாதி இறங்கி நின்றுவிட்டது. இடது கையால் காயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பலம் கொண்ட மட்டும் அமுக்கினார். தோல் சட்டென்று விட்டுக்கொடுத்தது. கத்தி காயைக் கடந்து பெருவிரலின் அடிச்சதையில் இறங்கியது. நான்கு தையல். திருவிழாக் கூட்டத்தில் பத்து நாள் பொட்டலம் மடிக்க ஆள் இல்லை. மறுநாள் நாம் விசாரிக்கப் போனபோது அண்ணாச்சி சொன்னது இதுதான்: "போன வாரம்தான் சாணை பிடிச்சேன். ரெண்டு நாள் நல்லா வெட்டிச்சு. அப்புறம் பழைய கதைதான்."

இரண்டு நாள் வெட்டி மூன்றாம் நாள் மழுங்கும் கத்தி பற்றிய இந்தக் குறை பல கடைகளில் கேட்பதுதான். காரணம் தெரிய வேண்டுமானால் கத்தியின் விளிம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கத்தியின் இரு முகங்களும் சரிந்து வந்து சந்திக்கும் கோடுதான் வெட்டும் விளிம்பு. அது மிக மெல்லியது. பூசணித் தோலிலும் பலகையிலும் திரும்பத் திரும்ப மோதும்போது அந்த மெல்லிய ஓரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இரும்பு தேய்ந்து போகவில்லை. அங்கேயேதான் இருக்கிறது, வளைந்து இருக்கிறது. இது முதல் நிலை. இதற்கு வேண்டியது வளைந்ததை நிமிர்த்துவது. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம் என்றாலும், இக்கட்டுரையில் இந்த நிமிர்த்தும் வேலையை மட்டும் தீட்டுதல் என்று குறிப்பிடுவோம். நாள்பட நாள்பட விளிம்பே தேய்ந்து உருண்டையாகிவிடும். இது இரண்டாம் நிலை. நிமிர்த்த அங்கே எதுவும் மிச்சமில்லை. பக்கவாட்டு இரும்பைக் கல்லில் அராவிக் கழித்துப் புது விளிம்பு உண்டாக்க வேண்டும். இதுவே சாணை பிடித்தல்.

தீட்டுவதைப் பார்க்க விரும்புவோர் பக்கத்துக் கறிக்கடைக்குப் போனால் போதும். நாலு துண்டு போட்டதும் கத்தியை உருண்டையான இரும்புக் கம்பியில் இருபுறமும் லேசாக இழுத்துவிட்டு மீண்டும் வெட்டுவார்கள். அதை வழக்கமாகச் செய்வதாலேயே அவர்கள் அடிக்கடி சாணைக்குப் போவதில்லை. காய்கறிக் கடைக்காரர்களாகிய நாமோ கம்பியே வாங்குவதில்லை. வளைந்த விளிம்பையும் சாணைச் சக்கரத்தில் கொடுத்து நல்ல இரும்பைக் கழித்துவிடுகிறோம்.

மழுங்கிய கத்தி ஏன் கையை வெட்டுகிறது என்பதற்கும் இங்கேதான் விடை. கூரான விளிம்பு தோலைத் தொடும் இடம் மிகக் குறுகியது. சிறு அழுத்தமே தோலைப் பிளந்துவிடும். விளிம்பு அகன்றுவிட்டால் அதே தோலுக்குப் பல மடங்கு பலம் தேவைப்படும். அத்தனை பலத்தையும் தாங்கி நிற்கும் தோல் உடைந்த கணத்தில் கையை நிறுத்த எதிர்ப்பு ஏதும் இருக்காது. தக்காளி, கத்தரி போன்ற வழவழப்பான காய்களில் வேறு விதம்: விளிம்பு தோலைக் கவ்வாமல் வழுக்கிப் பக்கத்து விரலுக்கு வந்துவிடும்.

சரக்கிலும் நஷ்டம் உண்டு. மழுங்கிய கத்தி வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய முட்டைக்கோசின் வெட்டுவாய் சீக்கிரம் பழுப்பேறும். பூசணிக் கீற்று நீர் விட்டுக் கொழகொழப்பாகும். மாலையில் அந்தக் கீற்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாடிக்கையாளர் கீழே வைத்துவிடுகிறார். வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் கூடுவதும் இதே நசுக்கலால்தான்.

அண்ணாச்சியின் கத்திக்கு வருவோம். முதலில் விளிம்பை மேல்நோக்கித் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். கூரான விளிம்பில் ஒளி தங்காது. தேய்ந்து தட்டையான இடம் மட்டும் வெள்ளைக் கோடாக மின்னும். இதில் பூசணி வெட்டும் நடுப்பகுதியில் இரண்டு அங்குல நீளத்துக்கு மின்னியது. பிறகு கத்தியின் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்கு வெளியே போகும் திசையில் மட்டும் விரல் நுனியால் மெதுவாகத் தடவினோம். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் தடவக் கூடாது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டது.

அண்ணாச்சியின் குறைக்குக் காரணம் அந்தப் பிசிறுதான். சக்கரத்தில் ஒரு பக்கத்தை அராவும்போது கழிந்த இரும்பு மறுபக்கம் மெல்லிய நூலாகத் துருத்தி நிற்கும். அதை நீக்காமல் கொடுத்தால் முதல் நாள் கத்தி பிரமாதமாக வெட்டும், ஏனெனில் வெட்டுவது அந்த நூல்தான். இரண்டொரு நாளில் அது மடங்கி ஒடிந்து போகும்; அடியில் மொட்டை விளிம்பு மிஞ்சும்.

முதலில் தீட்டிப் பார்த்தோம். கம்பியின் நுனியை ஈரத்துணி விரித்த மேசையில் ஊன்றி நேராக நிறுத்திக்கொண்டு, கத்தியைச் சற்றே சாய்த்து, பிடியருகிலிருந்து நுனி வரை முழு விளிம்பும் படுமாறு மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். பக்கத்துக்கு ஐந்தாறு முறை போதும். கத்தியின் சொந்த எடைக்கு மேல் அழுத்தம் தேவையில்லை. கறிக்கடைக்காரரைப் பார்த்து அந்தரத்தில் வேகமாக வீசிப் பழக வேண்டாம். அது வருடக்கணக்கில் கை பழகியவர்களின் வேலை. தீட்டியபின் ஒரு தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுத்தோம். இரு ஓரப் பகுதிகளும் தோலைக் கவ்வின, நடுப்பகுதி வழுக்கியது. ஓரங்களில் வளைவு மட்டுமே இருந்தது, நடுவில் தேய்மானம் என்பது இப்படித் தெளிவாயிற்று. எந்தக் கத்திக்கும் இந்தச் சோதனை பொருந்தும்: தீட்டியும் தக்காளி வெட்டாவிட்டால்தான் கல்லுக்குப் போக வேண்டும்.

கல் என்று நாம் சொல்வது ஒருபுறம் சொரசொரப்பும் மறுபுறம் நயமும் உள்ள கார்போரண்டம் கல். (அந்தப் பெயருக்குள் தமிழ் இருப்பது பலருக்குத் தெரியாது. நமது குருந்தக் கல்லின் பெயரே ஆங்கிலத்தில் கொரண்டம் ஆயிற்று. 1890களில் அமெரிக்காவின் அச்சிசன் செயற்கையாக ஒரு கடினப் பொருளைச் செய்தபோது, கார்பனையும் கொரண்டத்தையும் சேர்த்துக் கார்போரண்டம் என்று பெயர் சூட்டினார்.) கல்லை நனைத்து, நகராதபடி ஈரச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டோம்.

இதில் எல்லோரும் தவறுவது சாய்மானத்தில். காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்குச் சுமார் 20 டிகிரி சரியாக இருக்கும். அளக்கக் கருவி வேண்டாம்: கத்தி அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய அந்தச் சாய்வு வந்துவிடும். அண்ணாச்சியின் கத்தி 4.5 செ.மீ. அகலம், ஆகவே முதுகை 1.5 செ.மீ. உயர்த்திப் பிடித்தோம். சந்தேகம் இருந்தால் விளிம்பு ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசி நாலு முறை தேய்த்துப் பாருங்கள். விளிம்பில் மை மிச்சமிருந்தால் முதுகை இன்னும் சற்று உயர்த்த வேண்டும். விளிம்பில் மட்டும் அழிந்து மேலே நின்றால் தாழ்த்த வேண்டும்.

சொரசொரப்பான பக்கத்தில், விளிம்பு முன்னே போகுமாறு, பிடி முதல் நுனி வரை ஒரே சீராகத் தள்ளினோம். எத்தனை முறை என்று கணக்கில்லை. மறுபக்கத்தில் பிசிறு முழு நீளத்துக்கும் விரலில் தட்டுப்படும்வரை பக்கத்தை மாற்றக் கூடாது. பிசிறு வராத இடத்தில் புது விளிம்பு பிறக்கவில்லை என்று பொருள். இந்தக் கத்தியில் ஓரங்களில் சீக்கிரமே வந்தது, நடுவில் வர நாற்பது தடவைக்கு மேல் ஆயிற்று. மறுபக்கமும் அவ்விதமே செய்து, கல்லைத் திருப்பி நயமான பக்கத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தோம். கடைசியில் ஒரு முறை இப்பக்கம், ஒரு முறை அப்பக்கம் என்று மாற்றி மாற்றி லேசாக. பிறகு பழைய தோல் பெல்ட்டில் விளிம்பு பின்வாங்கும் திசையில் பத்துத் தடவை இழுத்ததும் பிசிறு முழுவதும் போயிற்று. தக்காளி நடுப்பகுதியிலும் வெட்டியது. கல் துகளும் இரும்புத் துகளும் காயில் ஒட்டக் கூடாது என்பதால், கத்தியைக் கழுவித் துடைத்த பின்பே கடைக்குள் கொண்டுபோனோம்.

சாணைக்காரரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. விளிம்பில் பல் விழுந்திருந்தால், நுனி ஒடிந்திருந்தால் சக்கரம்தான் வழி. கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், முடிவில் பிசிறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். நனைக்காமல் பிடித்து விளிம்பில் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது. எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

வீடுகளில் சிமெண்டுத் தொட்டி விளிம்பிலும் ஆட்டுக்கல்லிலும் உரசுவது இரண்டிலும் சேராத வேலை. சாய்வு நிலைக்காமல் விளிம்பு ரம்பம்போல ஆகிவிடும். கம்பி இல்லாதவர்கள் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு ஏறாத வளையத்தில் லேசாக இழுக்கலாம். பீங்கான் கத்தியையும் பல் வைத்த கத்தியையும் கம்பியில் இழுக்க வேண்டாம். அரிவாள்மனையில் அலகு அசையாது என்பதால் கம்பியைத்தான் அதன் மேல் நகர்த்த வேண்டும். வளைவில் சாய்வு மாறாமல் பார்த்துக்கொள்வது கொஞ்சம் பழக வேண்டிய வேலை.

அண்ணாச்சி கடையில் இப்போது தராசுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கம்பி தொங்குகிறது. காலையில் கடை திறந்ததும் ஒருமுறை, பூசணி நிறைய வெட்டிய நாளில் மதியம் ஒருமுறை தீட்டுகிறார்கள். பூசணியைக் காம்பு நீக்கி, ஒருபுறம் மெல்லச் சீவித் தட்டையாக்கி உட்கார வைத்து, முதலில் நுனியைக் குத்தி இறக்கிப் பிறகு பிடியைத் தாழ்த்தி வெட்டச் சொல்லியிருக்கிறார். இடது கை எப்போதும் கத்திக்குப் பின்னால். ஆடிப்பூரத்துக்குப் பின் மூன்று மாதம் கழித்தே அந்தக் கத்தி மறுபடி கல்லுக்கு வந்தது.